ஊடல், புலவி, துனி

திரையில் பார்த்த மாத்திரத்தில் முறைத்துக்கொள்ளும் இருவர், இடைவேளைக்குள் காதலர்களாகிவிடுவார்கள். அந்த மோதலையும் ஊடல் என்றே எழுதிவிடுகிறோம். பழைய வழக்கில் ஊடல் என்பது ஏற்கெனவே மனம் கலந்தவர்களுக்குள் வரும் பிணக்கு. மருதத் திணைக்கு உரிப்பொருளாக வகுக்கப்பட்டது அதுதான்.

அதன் நயத்தைக் காண திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் போதும். யாராவது நம்மை நினைத்தால் தும்மல் வரும் என்பது நம்பிக்கை. 1317ஆம் குறளில் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள், வாழ்த்திய கையோடு, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிப் பார்க்கிறான். உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகை. இங்கே குற்றம் என்று எதுவுமே இல்லை. அவனுடைய தும்மல் வரைக்கும் அவள் கவனம் போயிருக்கிறது. அந்தக் கவனம்தான் காதலைக் காட்டிக்கொடுக்கிறது. காதல் கதைகளின் சண்டை நமக்குப் பிடித்துப்போவதும் இதனால்தான்: ஒருவர் சொன்ன சின்னச் சொல்லைக்கூட மற்றவர் தவறவிடுவதில்லை.

வள்ளுவர் இதற்கு அளவும் சொல்கிறார். புலவி உப்பைப் போல அளவாக இருக்க வேண்டும். சற்று நீடித்தாலும் உப்பு மிகுந்த கணக்குத்தான் (1302). புலவியோடு துனி என்றொரு சொல்லும் 1306இல் வருகிறது. பரிமேலழகர் புலவியை இளைய கலாம் என்றும் துனியை முதிர்ந்த கலாம் என்றும் பிரிக்கிறார். கலாம் என்றால் சண்டை. வள்ளுவர் துனியையும் ஒதுக்கவில்லை, துனியும் புலவியும் இல்லாத காமம் கனியும் கருக்காயும் போன்றது என்கிறார். முதிர்ந்த சண்டை உறவை முறிக்கவும் கூடும் என்பதால் நான் அங்கே தயங்குவேன்.

ஊடலைத் தீர்ப்பதற்குப் பழந்தமிழ் வைத்த பெயர் உணர்த்துதல். ஊடியவரை உணர்த்தாமல் விடுவது, வாடிய கொடியை வேரோடு அறுப்பது போன்றது என்கிறது 1304. நாம் நோவதை அறிகிற காதலர் இல்லாதபோது நொந்து என்ன பயன் என்று கேட்கிறது 1308. அப்படியானால் ஊடல் ஒருவர் வேலையல்ல. முகம் திருப்புகிறவர் ஒருவர், அதைக் கண்டு அருகில் வருகிறவர் ஒருவர்.

சங்கப் பாடல்களின் மருதத்தில் நிலைமை இவ்வளவு இனிமையானது இல்லை. தலைவன் பரத்தையிடம் போய்த் திரும்புகிறான். தோழி வாயில் மறுக்கிறாள். தலைவியின் கோபத்துக்கு அங்கே உண்மையான காரணம் இருக்கிறது. அதையும் தும்மலுக்கு அழுததையும் ஒரே பெயரில் வைத்ததில் அவள் பட்ட காயம் சிறுத்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அவளால் கதவை அடைக்க முடிந்தது; அவன் வெளியே நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. குரல் உயர்ந்தாலே ஒருவர் நடுங்கிப்போய், எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டு, மறுநாள் அதே சண்டைக்குக் காத்திருக்கும் வீட்டில் உணர்த்துகிறவர் யாருமில்லை. அதை ஊடல் என்று சொல்ல நம் இலக்கியத்தில் இடமே கிடையாது.