‘செய்தேன்’ என்ற சொல்லின் போதாமை: உள்ளகப் பயிற்சி மருத்துவரின் செயன்முறைப் பதிவேடு குறித்து

இலங்கையில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் முழுப் பதிவு பெறுவதற்கு முன், தற்காலிகப் பதிவோடு ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். ஆறு மாதம் ஒரு பிரிவிலும் அடுத்த ஆறு மாதம் இன்னொன்றிலுமாக அந்த ஆண்டு கழியும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர் வரைக்குமான குடும்பங்கள் நாடிவரும் இத்தகைய வைத்தியசாலைகளில் பயிற்சி பெறும் ஒரு எச்.ஓ. தன் கைவேலையை எழுதிவைக்கும் ஏடு எப்படி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பிரசவ விடுதியில் நடக்கும் ஒரே ஒரு வேலையை, பிரசவத்தின்போது ஏற்படும் கிழிவையோ எபிசியோட்டமி வெட்டையோ தைப்பதை, எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கிறேன்.

வழக்கமான லொக் புக்கில் திகதி, கட்டில்சீட்டு இலக்கம், செயன்முறையின் பெயர், ‘பார்த்தேன் / உதவினேன் / செய்தேன்’, கையொப்பம் என ஐந்து பத்திகள் இருக்கும். பயிற்சியின் முடிவில் ‘செய்தேன்’கள் எண்ணப்படும். எண்ணிக்கைக்கும் திறனுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அது நேர்கோடு அல்ல. சுவிட்சர்லாந்தில் மயக்கமருந்துத் துறைப் பயிற்சியாளர்களைப் பின்தொடர்ந்து 1998இல் கொன்ராட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாய் செருகுவதில் 90 சதவீத வெற்றியை எட்டச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. அந்த 57ஐ எவரும் தமக்கான இலக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபாடு அவ்வளவு இருந்தது. இதைவிட முக்கியமான ஒன்றும் அந்த ஆய்வில் உண்டு. தோல்விகளும் எழுதப்பட்டதால்தான் அந்த வளைகோட்டையே வரைய முடிந்தது. ‘செய்தேன்’ மட்டும் உள்ள ஏட்டில் தோல்விக்கு இடமே இல்லை.

ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். இது கற்பனையாக அமைத்தது. ஆனால் பிரசவ விடுதியில் நின்ற எவருக்கும் பழக்கமான காட்சி. பயிற்சியின் ஆறாவது வாரம், இரவு இரண்டு மணி. தலைப்பிரசவம், இரண்டாம் நிலைக் கிழிவு. எச்.ஓ. ஒரு சதவீத லிக்னோகெயின் 10 மி.லீ. செலுத்திவிட்டுத் தைக்கத் தொடங்குகிறார். யோனிச் சுவர்க் கிழிவின் மேல்முனையைத் தெளிவாகக் காணவில்லை. முதல் தையல் முனைக்குக் கீழே விழுகிறது. மேலிருந்து இரத்தம் தொடர்ந்து கசிகிறது. பக்கத்தில் நிற்கும் எஸ்.எச்.ஓ. கையுறை மாற்றி, பஞ்சை விலக்கி, முனையைக் காட்டி, அதற்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மேலே தானே ஒரு தையல் போடுகிறார். கசிவு நிற்கிறது. மிச்சத்தை எச்.ஓ. முடிக்கிறார். தையலுக்கு முன்னும் பின்னும் மலவாய் வழியாக விரற்பரிசோதனை நடந்தது. பஞ்சுகளின் எண்ணிக்கையும் சரியாக இருந்தது.

பழைய ஏட்டில் இது ‘கிழிவுத் தையல், செய்தேன்’ என்று முடிந்துவிடும். அது பொய்யுமல்ல, ஆனால் அன்றிரவு கற்க வேண்டியிருந்தது முழுவதும் அந்த வரியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. முனைக்கு மேலுள்ள இரத்தக்குழாய் கட்டப்படாமல் போனால் சில மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே இரத்தம் தேங்கி வீக்கமாகும். தாய் ‘தாங்க முடியாத வலி’ என்பார், வெளித்தையலோ அழகாகவே இருக்கும். அந்த எச்.ஓ. அடுத்த இரவு வேறொரு எஸ்.எச்.ஓ.வோடு நிற்கும்போது, அவருக்கு இதைச் சொல்ல ஏட்டில் எதுவும் இராது.

ஆகவே நான் முன்வைக்கும் முதல் மாற்றம், ‘செய்தேன்’ என்ற பத்திக்குப் பதிலாக ‘மேற்பார்வையாளர் எங்கே நின்றார்’ என்ற பத்தி. ஒல்லே டென் காட்டே 2005இல் முன்வைத்த, நம்பி ஒப்படைக்கத்தக்க தொழில்வேலைகள் என்ற கருத்திலிருந்து வளர்ந்த படிநிலைகளை இங்கே நான்காகச் சுருக்கலாம்: பார்த்தது, மேற்பார்வையாளரின் கை இடையில் தேவைப்பட்டது, அவர் பக்கத்தில் நின்றும் கைவைக்கத் தேவைப்படாதது, கூப்பிட்டால் வரும் தூரத்தில் அவர் இருக்க, தனியே முடித்தது. மேலே சொன்ன இரவு இரண்டாம் நிலை. ‘நன்று’, ‘திருப்தி’ போன்ற தரச்சொற்களை ஆளுக்கொரு மாதிரி அளக்கலாம்; கை தேவைப்பட்டதா இல்லையா என்பதில் அங்கு நின்ற இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். மூன்றாம், நான்காம் நிலை கிழிவுகள் எச்.ஓ. தைக்க வேண்டியவை அல்ல. அவற்றுக்குத் தனி வரி வேண்டும். அதில் மதிப்பிட வேண்டியது, கிழிவின் ஆழத்தைச் சரியாக அடையாளம் கண்டு மேலே அறிவித்தாரா என்பதே.

இரண்டாவது, கருத்துரைப் பத்தி. அதில் இரண்டு வாக்கியம் போதும்: எந்தப் படியில் பிழைத்தது, அடுத்த முறை என்ன ஏற்பாடு. ‘மேல்முனையைக் காணாமல் முதல் தையல் போடப்பட்டது. அடுத்த மூன்றிலும் முதல் தையலின்போது மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும்.’ அந்தக் கடமைநேரம் முடிவதற்குள் இதை எழுத வேண்டும். பார்த்தவரே எழுத வேண்டும். பல இரவுகளில் அருகில் நிற்பது அனுபவமிக்க மருத்துவமாதுதான். அவர் கண்டதை எழுதவிடாத ஏடு, விடுதியின் மிகக் கூரிய கண்ணைக் கட்டிவிடுகிறது. வைத்திய நிபுணர் மாதம் ஒருமுறை முழுப் பக்கத்தையும் வாசித்துக் கையொப்பமிடலாம்.

கடைசி வாரத்தில் மொத்தமாக நிரப்பப்பட்ட ஏட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நாற்பது வரிக்கும் ஒரே மை, ஒரே ‘நன்று’, முதல் வாரத்திலிருந்தே மேல்நிலை, ஒரு தோல்விகூட இல்லை. இதற்குச் சோம்பலைவிட அச்சமே பெரிய காரணம் என்று கருதுகிறேன். பிழையை வாசிக்கும் நிபுணரே ஆறு மாத முடிவில் சான்றிதழிலும் கையொப்பமிடுகிறார். எனவே சான்றிதழுக்கு அந்தந்தச் செயன்முறையில் கடைசி ஐந்து பதிவுகளின் நிலை மட்டுமே கணக்கில் வரும் என்று ஏட்டின் முதற்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அப்போது ஆறாவது வாரப் பிழையை எழுதுவதால் எவருக்கும் நட்டமில்லை.

இக்கரைக்கே உரிய ஒரு செய்தி உண்டு. இங்குள்ள முஸ்லிம் ஊர்களில் பெண் மருத்துவரே தம்மைப் பார்க்க வேண்டும் என்று விரும்பும் தாய்மார் உண்டு. அது அவர்கள் உரிமை. ‘இருபது தையல்’ என்று ஏடு கட்டாயப்படுத்தினால், ஆண் எச்.ஓ.வின் கணக்கு அந்தத் தாயின் தயக்கத்தின் மேல் ஏறி நிற்கும். ‘தாய் விரும்பவில்லை’ என்று மட்டும், காரணம் கேட்காமல் குறிக்க ஒரு கட்டம் இருந்தால், வாய்ப்புக் குறைந்தது ஏன் என்பது தெரியும். குறையை ஈடுகட்ட மாதிரிப் பயிற்சிக்கு ஒரு தனிப்பக்கம் வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டு நாக்கில் அடுக்கடுக்காகத் தைத்துப் பழகலாம். அந்த எண்ணிக்கை தாய்மாரின் எண்ணிக்கையோடு கலக்கக் கூடாது. இன்னொன்று: நெருங்கிய ஊர்களில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ‘சாய்ந்தமருது, ஐந்தாவது பிள்ளை, ஆசிரியை’ என்று எழுதினால் ஆள் தெரிந்துவிடும். கட்டில்சீட்டு இலக்கத்துக்கு மேல் எதுவும் வேண்டாம்.

இறுதியாக ஒவ்வொரு செயன்முறைக்கும் ‘கடைசியாகச் செய்த திகதி’ என்ற வரி. முதல் ஆறு மாதத்தில் நான்காம் நிலையை எட்டியவர் அடுத்த ஆறு மாதம் மருத்துவப் பிரிவில் ஒரு தையலும் போட்டிருக்க மாட்டார். பயிற்சி முடிந்து நியமனம் பெறும் இடம் நிபுணர் இல்லாத பிரதேச வைத்தியசாலையாக இருக்கலாம். அங்கு பொறுப்பில் இருக்கும் மருத்துவர் ஏட்டைத் திறந்து, ‘நான்காம் நிலை, கடைசியாக ஏழு மாதத்துக்கு முன்’ என்று கண்டால், முதல் இரு தையல்களுக்கும் தானே பக்கத்தில் வந்து நிற்பார்.