நாய்க்கு 15 கிலோ மூட்டையா, சின்ன பாக்கெட்டா? ஒரு நாள் செலவுக் கணக்கு

ஆன்லைனில் நாய் உணவு ஆர்டர் செய்யும்போது எல்லாருக்கும் வரும் குழப்பம் இது. 1.2 கிலோ பாக்கெட் 400 ரூபாய். அதே கம்பெனி, அதே உணவு, 15 கிலோ மூட்டை 3,600 ரூபாய். கிலோ கணக்கில் பார்த்தால் சின்ன பாக்கெட் 333 ரூபாய், மூட்டை 240 ரூபாய். 'இதுல யோசிக்க என்ன இருக்கு, மூட்டையே வாங்கிடலாம்' என்றுதான் தோன்றும்.

ஆனால் உங்கள் நாய் கிலோ கணக்கில் சாப்பிடுவதில்லை, தினமும் இத்தனை கிராம் என்றுதான் சாப்பிடுகிறது. அந்த அளவு தெரியாமல் எது லாபம் என்று சொல்ல முடியாது. (இங்கே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் வாங்கும் உணவின் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

முதலில், ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

பாக்கெட்டின் பின்பக்கத்தில் நாயின் எடைக்கு ஏற்ற அட்டவணை இருக்கும். வளர்ந்த, கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் நாய் என்றால், சாதாரண டிரை ஃபுட்டில் தோராயமாக இப்படி வரும்: 5 கிலோ பொமரேனியனுக்கு 100 கிராம், 16 கிலோ நாட்டு நாய்க்கு 250 கிராம், 28 கிலோ லாப்ரடாருக்கு 400 கிராம்.

ஒன்றைக் கவனியுங்கள். லாப்ரடாரின் எடை பொமரேனியனைவிட ஐந்தரை மடங்குக்கு மேல், ஆனால் சாப்பாடு நான்கு மடங்குதான். சின்ன நாய்க்கு அதன் எடையோடு ஒப்பிட்டால் அதிகச் சக்தி தேவைப்படுவதுதான் காரணம். அதனால் எடையை வைத்து நேராகப் பெருக்கிவிட வேண்டாம், அட்டவணையையே பாருங்கள்.

அளவை ஒரு தடவையாவது கிச்சன் தராசில் நிறுத்துப் பாருங்கள். 'ஒரு கப்' என்பது கைக்குக் கை மாறும். தினமும் 40 கிராம் கூடிப்போனால், லாப்ரடாருக்கு மாதம் 1.2 கிலோ கூடுதல். அதாவது ஒரு சின்ன பாக்கெட்டே கூடுதலாகக் காலி. செலவோடு நாயின் எடையும் ஏறும்.

லாப்ரடார் வீட்டில் கணக்கு எப்படி?

தினம் 400 கிராம் என்றால் 1.2 கிலோ பாக்கெட் மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஒரு நாள் செலவு 133 ரூபாய். மாதத்துக்கு 10 பாக்கெட், 4,000 ரூபாய்.

15 கிலோ மூட்டை 37 நாள் வரும். ஒரு நாளைக்கு 96 ரூபாய், மாதம் 2,880 ரூபாய். மிச்சம் மாதம் 1,120 ரூபாய். வருஷத்துக்கு 13,000 ரூபாயைத் தாண்டும். இங்கே மூட்டைதான் சரி.

பொமரேனியன் வீட்டில்?

தினம் 100 கிராம். 1.2 கிலோ பாக்கெட் 12 நாள் வரும், ஒரு நாளைக்கு 33 ரூபாய். மூட்டை என்றால் ஒரு நாளைக்கு வெறும் 24 ரூபாய். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த மூட்டை தீர 150 நாள் ஆகும், ஐந்து மாதம்!

பிரச்சினை இங்கேதான். பையில் அச்சிட்ட காலாவதித் தேதி, பிரிக்காத பைக்குத்தான் பொருந்தும். பிரித்த டிரை ஃபுட்டை ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு உருண்டையின் மேலும் கொழுப்புப் பூச்சு இருக்கிறது. காற்றும் சூடும் பட்டால் அது சிக்குப் பிடிக்கும், சில வைட்டமின்களும் வீணாகும். மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் பூஞ்சை வரும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு நாயின் கல்லீரலைப் பாதிக்கும்.

ஆறு வாரத்தில் பொமரேனியன் சாப்பிடுவது 4.2 கிலோதான். மீதி 10.8 கிலோவைத் தூக்கிப் போட்டால், 3,600 ரூபாய் 42 நாளுக்குத்தான் வந்திருக்கிறது. ஒரு நாள் செலவு 86 ரூபாய்! கிட்டத்தட்ட லாப்ரடாருக்கு ஆகும் செலவு. தூக்கிப் போட மனமில்லாமல் கெட்டதையே கொடுத்தால், டாக்டர் பில் தனி.

இந்த வீட்டுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. 3 கிலோ பை 900 ரூபாய் என்றால் சரியாக 30 நாள் வரும், ஒரு நாளைக்கு 30 ரூபாய். மூட்டையைவிட ஆறு ரூபாய்தான் அதிகம், எதுவும் வீணாகாது.

உங்களுக்கு எந்த சைஸ்?

ஒரு நாள் அளவை 42-ஆல் பெருக்குங்கள். அவ்ளோதான். அதைத் தாண்டாத பைகளில் பெரியதை வாங்குங்கள். நாட்டு நாய்க்கு 250 கிராம், பெருக்கினால் 10.5 கிலோ. அதனால் 10 கிலோ பை. விலை 2,600 ரூபாய் என்றால் 40 நாள் வரும், ஒரு நாளைக்கு 65 ரூபாய். சின்ன பாக்கெட்டில் அதே நாய்க்கு 83 ரூபாய் ஆகும்.

ராத்திரி சிக்கன் சாதமோ தயிர் சாதமோ போடும் வீடா? அப்படியென்றால் டிரை ஃபுட் எவ்வளவு போகிறதோ, அந்தக் கிராமை மட்டும் பெருக்குங்கள். லாப்ரடாரே ஆனாலும் தினம் 200 கிராம்தான் போகிறது என்றால், 15 கிலோ மூட்டை 75 நாள் கிடக்கும். அந்த வீட்டுக்கும் 8 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது எங்கே ஏமாறுவோம்?

எம்.ஆர்.பி. பக்கத்தில் யூனிட் விலை அச்சிட்டிருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது கிராமுக்கு, அதற்கு மேல் கிலோவுக்கு. 400 கிராம் பாக்கெட்டில் '0.40' என்று பார்த்ததும் மலிவு என்று தோன்றும். ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 400 ரூபாய்.

சில கடைகளில் மூட்டையைப் பிரித்து 'லூஸ்'ல நிறுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவுதான். ஆனால் எப்போது பிரித்தார்கள், காலாவதி எப்போது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஆறு வாரத்தில் பாதி, கடையிலேயே போயிருக்கலாம்.

பிரித்த மூட்டையை எப்படி வைப்பது?

பிரித்த தேதியைப் பையின் மேல் எழுதுங்கள். உணவை டப்பாவில் கொட்டாமல், பையோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவில் நேராகக் கொட்டினால் அடியில் ஒட்டும் பழைய கொழுப்பு அடுத்த மூட்டையையும் கெடுக்கும், பேட்ச் எண்ணும் கையில் இருக்காது. ஒவ்வொரு முறையும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்து கிளிப் போடுங்கள். வெயில் படும் பால்கனி வேண்டாம்.

பழைய எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தாலோ, உருண்டைகள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, பூஞ்சையோ வண்டோ தெரிந்தாலோ கொடுக்காதீர்கள். தினமும் ஆசையாகச் சாப்பிடும் நாய் திடீரென்று மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தால், திட்டுவதற்கு முன் நீங்களும் பையை ஒரு முறை மோந்து பாருங்கள். பையில் குறையில்லை, நாய் மறுநாளும் சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.