மாதப் பென்ஷனா, மொத்தத் தொகையா? பிரிட்டன் கம்பெனி பென்ஷனை மாற்றும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பிரிட்டனில் நீண்ட காலம் வேலை பார்த்த நம்மவர்களில் சிலருக்குப் பழைய கம்பெனியின் பென்ஷன் நிதியத்திலிருந்து ஒரு கடிதம் வருவதுண்டு. "65 வயதிலிருந்து உங்களுக்கு உரிய மாதப் பென்ஷனை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக இந்தத் தொகையை வேறு பென்ஷன் கணக்கிற்கு மாற்றித் தருகிறோம்" என்பதே அதன் சாரம். தொகை பெரும்பாலும் ஒரு லட்சம், இரண்டு லட்சம் பவுண்டு என்று இருக்கும். அவ்வளவு பணத்தை ஒரே தாளில் பார்க்கும்போது மாதம் 500 பவுண்டு அற்பமாகத் தெரிகிறது. உண்மையில் எது பெரியது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கை இங்கே எளிமையாகப் பார்ப்போம்.

எந்தப் பென்ஷனுக்கு இது பொருந்தும்?

வாங்கிய சம்பளத்தையும் வேலை செய்த வருடங்களையும் வைத்து, இவ்வளவு பென்ஷன் என்று கம்பெனி முன்கூட்டியே வாக்களித்த திட்டத்தை 'டிபைன்ட் பெனிஃபிட்' என்பார்கள். முதலீடு லாபமா நஷ்டமா என்பது கம்பெனியின் கவலை. நமக்கு உயிர் உள்ளவரை பென்ஷன் வரும். இதை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகத் தரும் தொகைக்கு 'சி.இ.டி.வி.' என்று பெயர். நாம் இதை மாற்று மதிப்பு என்று அழைப்போம்.

என்.ஹெச்.எஸ். மருத்துவர்கள், செவிலியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரின் பென்ஷனை இப்படித் தனியார் கணக்கிற்கு மாற்ற 2015 ஏப்ரல் முதல் அனுமதி இல்லை. "மாற்றித் தருகிறோம்" என்று அவர்களிடம் யாராவது வந்தால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கணவருக்கு 60 வயது. 65 வயதிலிருந்து அவருக்கு வருடம் 6,000 பவுண்டு, அதாவது மாதம் 500 பவுண்டு பென்ஷன். இது இன்றைய விலைவாசி மதிப்பில் சொன்ன தொகை. விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏறும். அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி கிடைக்கும். கம்பெனி தரும் மாற்று மதிப்பு 1,00,000 பவுண்டு.

முதலில் வகுத்துப் பார்ப்போம். ஒரு லட்சத்தை 6,000-ஆல் வகுத்தால் 16.7 வருடம். பணம் விலைவாசிக்கு ஈடாக மட்டுமே வளர்ந்தால், 65-இல் எடுக்கத் தொடங்கும் பணம் 82 வயதுக்குச் சற்று முன்பே தீர்ந்துவிடும். அதன்பின் அவருக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை.

பணத்தை முதலீடு செய்தால் வளருமே என்பீர்கள். அதையும் கணக்கில் சேர்ப்பதற்குத்தான் 'இன்றைய மதிப்பு' என்ற முறை இருக்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்து முதலீடு வருடம் 2 சதவீதம் வளரும் என்றால், 5 வருடம் கழித்து வேண்டிய 100 பவுண்டுக்கு இன்று சுமார் 91 பவுண்டு கையில் இருந்தால் போதும். இன்னும் தள்ளி வேண்டிய பணத்திற்கு இன்னும் குறைவாகப் போதும். இப்படி 65 முதல் ஒவ்வொரு வருடத்துப் பென்ஷனையும் இன்றைய தொகையாகக் குறைத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதே அந்தப் பென்ஷனின் இன்றைய மதிப்பு.

நம் உதாரணத்தில் அவர் 87 வயது வரை வாழ்ந்தால், விலைவாசிக்கு மேல் கிடைக்கும் வளர்ச்சியைப் பொறுத்து விடை இப்படி மாறும்:

- 1 சதவீதம் என்றால் சுமார் 1,12,000 பவுண்டு
- 2 சதவீதம் என்றால் சுமார் 96,000 பவுண்டு
- 3 சதவீதம் என்றால் சுமார் 82,000 பவுண்டு

2 சதவீதக் கணக்கில் ஒரு லட்சம் கொஞ்சம் லாபம் போலத் தெரியும். ஆனால் கணவருக்குப் பின் மனைவி 5 வருடம் வாழ்ந்து பாதிப் பென்ஷன் வாங்கினால், அதற்கு இன்னும் 8,000 பவுண்டு சேர்க்க வேண்டும். இப்போது பென்ஷனின் மதிப்பு 1,04,000 பவுண்டு. அவரே 95 வயது வரை இருந்தால், மனைவியின் பங்கைச் சேர்க்காமலே 1,22,000 பவுண்டு ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தனியார் கணக்கில் முதலீட்டுக் கட்டணமும் ஆலோசகர் கட்டணமும் சேர்ந்து வருடம் 1 சதவீதம் போனால், கைக்கு 2 சதவீதம் நிற்க முதலீடு விலைவாசிக்கு மேல் 3 சதவீதம் வளர வேண்டும். அதுவும் எந்த உத்தரவாதமும் இல்லாமல். பணம் எடுக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில் சந்தை விழுந்தால், விழுந்த விலையில் விற்றுத்தான் செலவு செய்ய வேண்டியிருக்கும். பிறகு சந்தை ஏறினாலும் விற்றது திரும்பாது.

கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பென்ஷன் இன்றைய மதிப்பில் சொல்லப்பட்டதா, 65 வயதில் வரப்போகும் தொகையா என்று முதலில் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் முழுக் கணக்கும் தவறாகும். அடுத்து, வருடாந்திர உயர்வுக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். பல திட்டங்களில் அது 2.5 அல்லது 5 சதவீதத்துடன் நின்றுவிடும். 2022 அக்டோபரில் பிரிட்டன் விலைவாசி உயர்வு 11.1 சதவீதத்தைத் தொட்டபோது, அத்தகைய பென்ஷன்களின் வாங்கும் சக்தி குறைந்தது. அப்படி வரம்பு இருந்தால் மேலே போட்ட மதிப்பும் சற்றுக் குறையும்.

கம்பெனியே திவாலாகிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்கென 'பென்ஷன் பாதுகாப்பு நிதி' இருக்கிறது. பென்ஷன் வயதை எட்டாதவர்களுக்குப் பொதுவாக 90 சதவீதம் கொடுக்கும்; ஆனால் பின்னர் வரும் வருடாந்திர உயர்வு குறைவாக இருக்கலாம்.

2017-இல் பிரிட்டிஷ் ஸ்டீல் பென்ஷன் திட்டத்தில் இந்தப் பயமே வேலை செய்தது. சுமார் 8,000 பேர் வெளியேறினார்கள். பின்னர் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ. ஆய்வு செய்தபோது, அவர்களுக்குத் தரப்பட்ட ஆலோசனைகளில் 46 சதவீதம் பொருத்தமற்றவை என்று தெரிந்தது.

ஆலோசகரிடம் போகும்போது

மாற்று மதிப்பு 30,000 பவுண்டுக்கு மேல் என்றால், எஃப்.சி.ஏ. அனுமதி பெற்ற ஆலோசகரின் ஆலோசனை சட்டப்படி கட்டாயம். அதே வருமானத்தைச் சந்தையில் வாங்க எவ்வளவு ஆகும் என்று மாற்று மதிப்போடு ஒப்பிடும் வரைபடத்தை அவர் தர வேண்டும். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். மாற்றினால்தான் கட்டணம் என்ற முறை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2020 அக்டோபர் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. முழு ஆலோசனைக்குச் செலவு அதிகம் என்பதால், குறைந்த கட்டணத்தில் சுருக்க ஆலோசனையும் உண்டு. அதில் "மாற்ற வேண்டாம்" என்றோ "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்றோ மட்டுமே விடை வரும். மாற்று மதிப்பு 3 மாதத்திற்கு உறுதி செய்யப்பட்டிருக்கும். "இன்றே கையெழுத்திடுங்கள்" என்று அவசரப்படுத்துபவரை நம்ப வேண்டாம்.

ஹலாலான முதலீட்டிற்கு மாற வேண்டும் என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. பழைய திட்டத்தில் பணம் எங்கே போகிறது என்பதை உறுப்பினர் தேர்வு செய்ய முடியாது என்பது உண்மைதான். மார்க்க விஷயத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷரீஆ நிதிகளில் பல முழுக்கப் பங்குச் சந்தையைச் சார்ந்தவை என்பதையும், ஆயுள் முழுக்க உறுதியான வருமானம் மீண்டும் வேண்டுமானால் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் அதை விலைக்கு வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கடும் நோயால் ஆயுள் குறைவு என்று மருத்துவர் சொன்னவருக்கும், மனைவியோ கணவரோ சார்ந்தவரோ இல்லாதவருக்கும் கணக்கு வேறாகலாம். மீதிப் பணம் வாரிசுகளுக்குப் போகும் வாய்ப்பு அவர்களுக்குப் பெரிதாகத் தெரியலாம். மற்றவர்கள், 85 வயதில் விதவையாக இருக்கும் மனைவியின் மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அவரையும் உட்கார வைத்து எழுதிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தப் பென்ஷனைத் திரும்பப் பெற வழியில்லை.