அவதிக் கோணமும் மாறுநிலைக் கோணமும்

இலங்கைப் பௌதிகப் பாடநூலில் ‘அவதிக் கோணம்’ என்று படிக்கும் தமிழ்நாட்டு மாணவருக்குச் சட்டென்று சிரிப்பு வரும். அவருக்கு அவதி என்றால் துன்பம். அதே பொருளை அவருடைய பாடநூல் ‘மாறுநிலைக் கோணம்’ என்கிறது. இரண்டும் ஒரே கோணத்தின் பெயர்கள். ஆனால் அந்தக் கோணத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர்கள்.

அவதி வடசொல். அதன் பழைய பொருள் எல்லை, கெடு. துன்பம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. இன்றைய பேச்சில் அதுதான் நிற்கிறது. இலங்கைக் கலைச்சொல்லில் பழைய பொருள் பிழைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இதை எல்லைக் கோணம் என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘கிரிட்டிக்கல்’ வேறு வழியில் வந்தது. பிரித்தறிதல், தீர்ப்பளித்தல் என்ற கிரேக்க வேரிலிருந்து பிறந்து, நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று தெரிந்துவிடும் திருப்பத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாகி, பிறகு இயற்பியலுக்குள் நுழைந்தது. நம் ‘மாறுநிலை’ அந்தத் திருப்பத்தைத்தான் பிடித்திருக்கிறது.

எந்தப் பெயர் பொருத்தம் என்று பார்க்க, கணக்கையே போட்டுவிடலாம். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள அரைவட்டக் கண்ணாடிக் கட்டி ஒன்று. அதன் வளைந்த பக்கத்தில் மையத்தை நோக்கி ஒளிக்கதிரை விட்டால், உள்ளே நுழையும்போது அது வளையாது. தட்டைப் பக்கத்தில் காற்றுக்குள் வெளியேறும்போது மட்டுமே விலகும். கண்ணாடிக்குள் உள்ள கோணத்தின் சைனை 1.5-ஆல் பெருக்கினால் காற்றில் உள்ள கோணத்தின் சைன் கிடைக்கும். உள்ளே 30 பாகை என்றால் வெளியே 48.6. உள்ளே 40 என்றால் வெளியே 74.6. உள்ளே 42 வைத்தால் பெருக்கல் 1.004 தருகிறது. சைன் ஒன்றைத் தாண்டாது. எனவே அப்படியொரு வெளிக்கதிரே இல்லை. வெளிக்கோணம் சரியாக 90 ஆகும் இடம்தான் நாம் தேடுவது:

sin c = 1/n = 1/1.5 = 0.667, c = 41.8°

இந்த அளவைக் காணச் சைன் விதி கட்டாயமில்லை. 1611-இல் ஒளியியல் நூல் எழுதிய கெப்ளருக்கு அந்த விதி தெரியாது. ஆனாலும் கண்ணாடிக்குள் ஏறத்தாழ 42 பாகையைத் தாண்டிச் சாய்ந்த கதிர் காற்றுக்குள் வராது என்று அவர் கண்டுவிட்டார். இன்று தேர்வில் இந்தக் கணக்கில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்காமல் கண்ணாடிப் பரப்பிலிருந்து அளந்து 48.2 என்று எழுதுவது. மற்றொன்று, பின்னத்தைத் தலைகீழாகப் போடுவது. அதற்குக் கணிப்பானே பிழை காட்டிவிடும்.

இதுவரை பார்த்தால் அவதிதான் வெல்கிறது: விலகல் முடியும் எல்லை. ஆனால் ‘முழு அக எதிரொளிப்பு’ என்ற பெயரில் உள்ள ‘முழு’வைக் கவனியுங்கள். எல்லைக்கு முன்பும் கண்ணாடிக்குள் எதிரொளிப்பு உண்டு, முழுமையாக இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு என்பதுதான் சுவையான விஷயம். சாதாரண ஒளிக்கு, 30 பாகையில் 100-இல் 5 அல்லது 6 பங்குதான் உள்ளே திரும்புகிறது. 40-இல் 25. 41-இல்கூட 38-தான், 62 பங்கு இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முக்கால் பாகைக்குச் சற்று மேலே, 41.8-இல், 100-ம் திரும்பிவிடுகிறது. நாற்பது பாகை வரை சோம்பலாக நகர்ந்தது கடைசி ஒரு பாகைக்குள் தலைகீழாகிறது. இதைப் பார்த்தபின் ‘மாறுநிலை’ என்று பெயர் வைத்தவருக்கே என் ஓட்டு.

ஆனால் இரண்டு பெயருமே ஒன்றை மறைக்கின்றன. இது கண்ணாடியின் கோணம் அன்று, கண்ணாடியும் அதைத் தொடும் பொருளும் சேர்ந்த எல்லையின் கோணம். பல இரட்டைக்குழல் தொலைநோக்கிகளின் முப்பட்டகங்கள் ஒளியை 45 பாகையில் திருப்புகின்றன, 41.8-ஐவிட அது கூடுதல் என்பதால் பின்புறம் வெள்ளிப் பூச்சு வேண்டியதில்லை. அந்தப் பின்புறத்தில் ஒரு நீர்த்துளி ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் மட்டும் காற்றுக்குப் பதில் 1.33 எண்ணுள்ள நீர் நிற்கிறது. 1.33-ஐ 1.5-ஆல் வகுத்தால் 0.887, கோணம் 62.5 பாகைக்கு ஏறிவிடுகிறது. 45 இப்போது போதாது. துளி இருக்கும் இடத்தில் ஒளி நீருக்குள் கசிந்து, படத்தில் அங்கே ஒரு மங்கல் திட்டு விழும்.