பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் விட அப்பா லீவு எடுக்கலாமா?

யூபியூ முடிவு வந்தாச்சு. இடம் கோத்தா கினபாலுவில், மலேசிய சபா பல்கலைக்கழகம். பதிவு நாள் ஞாயிற்றுக்கிழமை. சுங்கை பட்டாணி பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அப்பா கூட வரணும் என்றால் என்ன லீவு கேட்பது?

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளையின் படிப்புக்கென்று 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் தனி லீவு கிடையாது. எடுக்க வேண்டியது ஆண்டு லீவுதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12, ஐந்து தாண்டினால் 16. சங்க ஒப்பந்தம் இருந்தால் இதைவிடக் கூடலாம், குறையாது.

அப்பாவுக்கு ஆறு ஆண்டு சர்வீஸ் என்று வையுங்கள். வாராந்திர ஓய்வு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பினாங்கில் விமானம் ஏறி, ஞாயிறு பதிவு முடித்து, திங்கள் ஹாஸ்டலுக்கு வாளி, மெத்தை விரிப்பு வாங்கிக் கொடுத்து, செவ்வாய் திரும்பினால் நான்கு நாள் லீவு. வெளியூர்க்காரர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பதை மறந்துதான் பல வீட்டில் கணக்கு தப்புகிறது. இடம் சிந்தோக்கில் இருக்கும் யூயூஎம்மில் கிடைத்திருந்தால் ஒரே நாள் போதும்.

"லீவு போட்டா சம்பளம் போயிடுமே" என்று அம்மா கேட்பார். போகாது. நாள் கூலி, எடைக் கூலி வாங்குபவருக்கும் ஆண்டு லீவு சம்பளத்தோடுதான். முந்தைய சம்பளக் காலத்தில் ஈட்டியதை, வேலை செய்த நாட்களால் வகுப்பார்கள். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலை இதில் சேராது. 24 நாள் வெட்டி 1,872 ரிங்கிட் என்றால் நாளுக்கு 78. நான்கு நாளுக்கு 312 ரிங்கிட் கைக்கு வரணும். சம்பளச் சீட்டு வந்ததும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

சிக்கல் வருவது சொல்லாமல் போவதில். முன் அனுமதி இல்லாமல், நியாயமான காரணமும் சொல்லாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மண்டோரிடம் வாயால் சொன்னது பின்னால் நிற்காது. சலுகைக் கடிதத்தின் நகலைச் சேர்த்து ஆபீசில் எழுத்தில் கொடுத்து, ஒரு படியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். லீவு உரிமை இருந்தாலும் தேதியை முதலாளி ஒப்புக்கொள்ளணும். அதனால் கடிதம் வந்த அன்றே கேட்பது நல்லது. எம்சி எடுத்துச் சமாளிக்கும் யோசனை வேண்டாம், பொய் எம்சி என்று தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

லீவு தீர்ந்துபோச்சா? சம்பளமில்லா லீவு கேட்கலாம், ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பம். இன்னொரு வழியும் உண்டு. ஓய்வு நாள் அட்டவணையை மாதம் தொடங்குமுன் போடுவார்கள். அதற்கு முன்னாலேயே கிராணியிடம் பேசினால், அந்த வாரம் ஓய்வை ஞாயிறுக்கு மாற்றித் தரச் சிலர் சம்மதிக்கிறார்கள்.

பதிவு முடிந்ததும் புதிய மாணவர்களுக்கு அறிமுக வாரம் தொடங்கும். அந்த நாட்களில் பெற்றோர் அங்கே இருந்தாலும் பிள்ளையை அதிகம் பார்க்க முடியாது. மிச்ச லீவை, முதல் செமஸ்டர் நடுவில் ஒருமுறை போய்ப் பார்க்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.