சீட்டு முதல் குழு வரை

நம்ம குழுக்கள் வருவதற்கு ரொம்ப காலம் முன்னாடியே தெருவில் பெண்களுக்கு ஒரு வங்கி இருந்தது. அதுக்குப் பேர் சீட்டு. பேர் எழுதின துண்டுச் சீட்டுகளைச் சுருட்டிப் போட்டு, குழந்தையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்வாங்க. அந்தத் துண்டுக் காகிதமே முறைக்கும் பேராகிவிட்டது. கேரளத்தில் இதையே குறி, சிட்டி என்பார்கள். இலங்கையில் சிங்களப் பெண்களும் சீட்டு என்றேதான் சொல்கிறார்கள். நாம இன்னைக்கு மாசாமாசம் ஒரே நாளில் கூடி, எல்லாரும் ஒரே தொகை கட்டுகிறோமே, அந்தப் பழக்கம் சீட்டிலிருந்து வந்ததுதான். எதை எடுத்துக்கொண்டோம், எதை மாற்றினோம் என்று பார்ப்பது இந்த மலரில் பொருத்தமாக இருக்கும்.

முதலில் குலுக்கல் சீட்டு. பன்னிரண்டு பெண்கள், மாசம் ஆளுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாசம் 1,200 ரூபாய் சேரும். யார் பேர் விழுகிறதோ அவங்களுக்கு முழுத் தொகை. ஒரு தடவை விழுந்த பேர் மறுபடி குலுக்கலில் சேராது, ஆனால் கடைசி மாசம் வரை பணம் கட்டியே ஆகணும். பன்னிரண்டாம் மாசம் எல்லாரும் ஒரு தடவை வாங்கியிருப்பாங்க, சீட்டு முடிந்துவிடும்.

வட்டியே இல்லாதது போலத் தெரியும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், முதல் மாசம் எடுத்தவங்க 100 ரூபாய் கட்டி 1,200 வாங்கியிருக்காங்க. மீதி 1,100 ரூபாய் மற்றவங்க கொடுத்த கடன், அதை 11 மாசத்தில் அடைக்கிறாங்க. கடைசியில் எடுப்பவங்க 11 மாசம் மற்றவங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்து, முடிவில் தன் பணத்தைத் திரும்ப வாங்குறாங்க. ஒரே சீட்டில் முன்னாடி இருப்பவங்களுக்கு அது கடன், பின்னாடி இருப்பவங்களுக்கு அது சேமிப்பு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பிரசவம், பள்ளிக்கூட பீஸ், கூரை மாற்றுவது எதுவும் குலுக்கலுக்குக் காத்திருக்காதே!

அதனால்தான் ஏலச்சீட்டு வந்தது. அவசரம் உள்ளவங்க, "எனக்கு 300 ரூபாய் குறைவாக் கொடுங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று தள்ளிக் கேட்பாங்க. யார் அதிகம் தள்ளுகிறாங்களோ அவங்களுக்குச் சீட்டு. தள்ளின 300 ரூபாயைப் பன்னிரண்டு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 25. அந்த மாசம் 100-க்குப் பதில் 75 கட்டினால் போதும். சீட்டு பிடிப்பவங்களுக்குக் கூலியாக, பல இடங்களில் முதல் மாசத் தொகை தள்ளாமல் அப்படியே போகும். அதைத் தாய்ச்சீட்டு என்பார்கள்.

அதே பன்னிரண்டு பேர் கணக்கை ஏலத்தில் போட்டுப் பார்ப்போம். முதல் மாசம் தாய்ச்சீட்டு. இரண்டாம் மாசம் 300 தள்ளு. அவசரக்காரர்கள் எடுக்க எடுக்க, தள்ளு மாசம் 30 ரூபாயாகக் குறைந்து, கடைசி மாசம் ஒன்றுமில்லாமல் போகிறது என்று வைப்போம். பன்னிரண்டு மாசத்தையும் கூட்டினால் ஒவ்வொருத்தரும் கட்டியது 1,062 ரூபாய் 50 பைசா. இரண்டாம் மாசம் எடுத்தவங்க கையில் வாங்கியது 900. கடைசியில் எடுத்தவங்க வாங்கியது முழு 1,200. அவசரப்பட்டவங்களுக்கு 162 ரூபாய் 50 பைசா போனது. பொறுத்திருந்தவங்களுக்கு 137 ரூபாய் 50 பைசா வந்தது. வட்டி என்ற சொல்லே யாரும் சொல்லவில்லை, ஆனாலும் கஷ்டத்தில் இருந்தவங்களிடமிருந்து தாக்குப்பிடிக்க முடிந்தவங்களுக்கு வட்டி கைமாறிவிட்டது.

சீட்டு எங்கே உடையும்? பெரும்பாலும் பாதிக்கு மேல்தான். எடுத்தவங்களுக்கு இனி வாங்க எதுவும் இல்லை, கட்ட மட்டும்தான் இருக்கு. அதனால் புதுசா வந்தவங்களை முன்னாடி எடுக்க விடாமல் பின்னாடி தள்ளுவது வழக்கம். யாராவது கட்டாவிட்டால் சீட்டு பிடிப்பவங்க கைப்பணம் போட்டு நிரப்பணும். ஒரு சீட்டின் ஓட்டையை அடைக்க இன்னொரு சீட்டு பிடிக்க ஆரம்பித்தால், அது ஓடிப்போவதில்தான் முடியும். அடையாளங்கள் உண்டு. ஏலம் எடுத்த பிறகும் பணம் "நாளைக்கு, மறுநாள்" என்று இழுக்கும். எல்லாரும் கூடி நடந்த ஏலம், வீடுவீடாகப் போய்ச் சொல்லும் ஏலமாகும். நாம பார்த்தே இராத ஒரு பேர் சீட்டு எடுத்திருக்கும்.

இதைக் கட்டுப்படுத்தச் சட்டங்களும் வந்தன. தமிழ்நாட்டில் 1961-இல் சீட்டு நிதிச் சட்டம், பிறகு 1982-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம். சீட்டு தொடங்க முன் அனுமதி வேண்டும், நடத்துபவர் கமிஷன் நூற்றுக்கு 5-க்கு மேல் போகக்கூடாது என்றது அது. 2019-இல் அதை 7 ஆக்கினார்கள். ஆனால் தெருச்சீட்டுகள் பெரும்பாலும் பதிவில்லாமலே நடந்தன. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. சீட்டு உடைந்தால் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை ஆரம்பித்தது. மாசக் கூட்டம், சமமான தொகை, ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த முகங்கள், இதெல்லாம் சீட்டில் இருந்ததுதான். மாறியது ஒன்றே ஒன்று. சீட்டில் சேர்ந்த பணம் அந்த மாசமே வெளியே போய்விடும். குழுவில் அது குழு பேரில் உள்ள கணக்கில் தங்கி, கடனாகப் போய், வட்டியோடு திரும்பி வரும்.

இந்த ஒரு மாற்றத்தின் பலனைப் பாருங்கள். பன்னிரண்டு பேர், மாசம் 100, பன்னிரண்டு மாசம். சீட்டு முடியும் நாளில் பானை காலி. குழுவில் அதே நாளில் 14,400 ரூபாயும் அதன் வட்டியும் இருக்கும். ஒருத்தர் இரண்டு தடவை கடன் வாங்கலாம், வேண்டாதவங்க வாங்காமலே இருக்கலாம். கஷ்டத்தில் இருப்பவங்க கட்டும் வட்டி தனி ஆளுக்குப் போகாமல் குழுவுக்கே வருகிறது, அவங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தச் சேமிப்பைப் பார்த்துத்தான் வங்கியும் அதைப்போல சில மடங்கு கடன் கொடுத்தது.

சீட்டுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம்ம முறை வந்தால் பணம் நம்முடையது. எதுக்கு என்று யாரும் கேட்கமாட்டாங்க, தீர்மானம் எழுத வேண்டியதில்லை. அதனால்தான் குழுவில் இருக்கும் பலரும் இன்னும் தனியாக ஒரு சீட்டும் போடுகிறோம். போடுவது அவரவர் விருப்பம்.

ஆனால் குழுவுக்குள்ளேயே சீட்டுப் பழக்கம் நுழையும் இடங்கள் இரண்டு. ஒன்று, வங்கிக் கடன் வந்ததும் "எல்லாருக்கும் சமமாப் பிரிச்சிடுங்க" என்பது. மாடு வாங்க 40,000 வேண்டியவங்களுக்கு 15,000 கிடைக்கும், தேவையே இல்லாதவங்களுக்கும் 15,000 கிடைக்கும். முன்னவங்க மீதிக்குக் கந்து வட்டிக்காரரிடம் போவாங்க, பின்னவங்க செலவழித்துவிட்டுத் தவணைக்குத் தவிப்பாங்க. இரண்டாவது, தீபாவளி வந்தால் "சேமிப்பைப் பிரிச்சுக்கலாம்" என்பது. பிரித்த அன்று எல்லார் கையிலும் பணம் இருக்கும். மறுநாள் கூட்டத்தில் யாராவது ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் கேட்டால் கொடுக்க எதுவும் இருக்காது, வங்கியிடம் காட்டவும் எதுவும் இருக்காது. அப்போது நம்ம குழு, பன்னிரண்டாம் மாசம் முடிந்த சீட்டு மாதிரிதான் நிற்கும்.

அடுத்த கூட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், தீர்மான நோட்டைத் திறப்பதற்கு முன்னாடி அந்த 14,400 ரூபாய்க் கணக்கை ஒரு தடவை எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்கள்.