இருமொழிச் சொற்பொழிவின் பிரதி: ஒற்றை ஆங்கிலச் சொற்களும் தமிழ் வினைமுற்றும்

தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் சொற்பொழிவுக்குப் பிரதி எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மொழி எந்த இடத்தில் மாறலாம் என்பதை. தமிழ் வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு முக்கியமான பெயர்ச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் இரு தரப்பாரும் பின்தொடர்ந்து வருவார்கள் என்ற கருத்து சிலரிடம் இருக்கிறது. பேச்சு வழக்கே அப்படித்தான் இருக்கிறது என்பது அவர்கள் காட்டும் சான்று. அந்தச் சான்று உண்மைதான். அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு பொருந்தவில்லை.

இந்தக் கருத்துக்கு ஆதாரமாக நிறுத்தக்கூடியது டேவிட் சாங்காஃப், ஷானா போப்லாக், சுவாதி வன்னியராஜன் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு. தமிழ்ப் பேச்சின் நடுவே தனித்து வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்தச் சொற்கள் தமிழ்ப் பெயர்களைப் போலவே வேற்றுமை உருபை ஏற்கின்றன. தமிழ்ப் பெயர் உருபில்லாமல் நிற்கக்கூடிய இடங்களில் அவையும் அப்படியே நிற்கின்றன. ஆகவே இது மொழி மாற்றம் அன்று, அந்த நேரத் தேவைக்கு எடுத்தாளும் கடன் என்பது அவர்கள் முடிவு. ‘எஸ்டேட்டை வித்தாங்க’ என்பது முழுத் தமிழ் வாக்கியம். அதில் உள்ள ‘எஸ்டேட்’ அந்தக் கணத்தில் தமிழ்ச் சொல்.

இந்த முடிவைப் பிரதி எழுதுவோருக்கான அனுமதிச் சீட்டாகப் படிப்பதில்தான் பிழை இருக்கிறது. அந்த ஆய்வு பேசுபவரின் இலக்கணத்தைப் பற்றியது. கேட்பவருக்கு என்ன புரிந்தது என்று அது கேட்கவே இல்லை. அதைச் சரியாகப் படித்தால் எதிர்த் திசையில்தான் போக வேண்டியிருக்கும். ஆங்கிலச் சொல் தமிழ் வாக்கியத்துக்குள் வந்து தமிழாகிவிடுகிறது என்றால், அந்த வாக்கியம் தமிழ் அறியாதவருக்கு ஒரு படியும் நெருங்கி வரவில்லை என்றே பொருள்.

மலேசியாவின் பேராக் கடற்கரையில் உள்ள லூமுட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு மண்டபத்தில் தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய முதியவர்கள் ஒரு பக்கம். தேசியப் பள்ளியில் படித்து, வீட்டுத் தமிழோடு நின்றுவிட்ட பேரப்பிள்ளைகள் இன்னொரு பக்கம். கடற்படைத் தளத்துக்கு மாற்றலாகி வந்த, தமிழே அறியாத குடும்பங்களும் உண்டு. இந்த அவைக்காக மாதிரிக்கு எழுதிய வாக்கியம் இது:

‘ஓனர்ஸ் எஸ்டேட்டைச் சின்னச் சின்ன லாட்டாக டிவைட் பண்ணி, பையர்ஸிடம் செல் பண்ணினார்கள், பல ஒர்க்கர்ஸுக்கு நியூ ஹவுசிங் கிடைக்கவில்லை.’

இலக்கணப்படி இதில் குறையில்லை. ஆனால் தமிழ் அறியாதவர் காதில் விழுவது ‘ஓனர்ஸ், எஸ்டேட், டிவைட், பையர்ஸ், செல், ஒர்க்கர்ஸ், நியூ ஹவுசிங்’ என்ற சரம் மட்டுமே. தொழிலாளிகளுக்குப் புது வீடு கிடைத்தது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். எதிர்மறை முழுவதும் ‘கிடைக்கவில்லை’ என்ற கடைசிச் சொல்லில் இருக்கிறது. அது தமிழில் இருக்கிறது. காலம், இடம், உடன்பாடு, எதிர்மறை எல்லாவற்றையும் வினைமுற்றில் கொண்டுபோய் வைக்கும் மொழியில் ஒற்றைச் சொற்களை மட்டும் பெயர்த்துக் கொடுத்தால், செய்தி நேர்மாறாகப் போய்ச் சேரும். புரியாமல் போவதை விட இது மோசம். கேட்டவர் தனக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி எழுந்து போகிறார்.

முதியவருக்கும் இந்த வாக்கியம் உதவவில்லை. ‘எஸ்டேட்’ அவருடைய சொல். கிராணியின் ‘செக்ரோல்’ அவருடைய சொல். ‘டிவைட்’, ‘ஹவுசிங்’ அப்படியல்ல. தோட்டத் தமிழில் பல தலைமுறையாக ஊறிய கடன்சொல்லையும் பிரதி எழுதுபவர் மேசையில் அமர்ந்து செருகும் சொல்லையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வாக்கிய நடுவில் மொழி மாறுவதும் இங்கே தீர்வாகாது. தமிழில் செயப்படுபொருளுக்குப் பின் வினை, ஆங்கிலத்தில் அதற்கு முன் வினை. இடையில் மாறினால் வினை இருமுறை வரும்: ‘தே போட் தி எஸ்டேட் வாங்கினாங்க.’ உரையாடலில் இது காதை உறுத்தாது. தாளைப் பார்த்து வாசிக்கும்போது நா தடுமாறும் இடம் இதுவே.

எனவே முழு வாக்கியத்தின் எல்லைதான் மாறும் இடம். அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் இரு மொழியிலும் சொல்வது, பலரும் பின்பற்றும் வழியாக இருந்தாலும், நல்ல வழி அன்று. இருபது நிமிடப் பேச்சில் பத்து நிமிடச் செய்திதான் மிஞ்சும். தன் மொழிக்காகக் காத்திருப்பவர் மற்ற மொழி வரும்போது கவனத்தை விட்டுவிடுவார். திரும்பும்போது முதல் சில சொற்கள் போயிருக்கும்.

ஒவ்வொரு தரப்புக்கும் எது தெரியாதோ அதை அவர்கள் மொழியில் கொடுப்பதே பொருத்தம். மேலே கண்ட பகுதியை இப்படி எழுதலாம். தமிழில்: ‘தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நேற்றுவரை பெரட்டில் நின்ற ஆளுக்கு மறுநாள் பெரட்டே இல்லை.’ அடுத்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்: எஸ்டேட் விற்கப்பட்டதும் பலர் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள்; காரணம், வீடு தோட்டத்துக்குச் சொந்தம். இந்தக் காரணத்தை முதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள். பேரப்பிள்ளைக்கு அதுதான் புதுச் செய்தி. முதியவருக்கு வேண்டியது தன் அனுபவத்துக்குப் பின்னால் நடந்தது: சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றதும், வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்று ஆதாயம் பார்த்ததும். அது தமிழில் விரிவாக வரலாம்.

இரண்டு மொழிப் பகுதிகளும் அறுந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு பகுதியும் எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல்லில் தொடங்க வேண்டும். ஆள்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு ஆகியவை இதற்கு உகந்தவை. துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும்போது, தமிழ்ப் பகுதியும் ஆங்கிலப் பகுதியும் ‘சம்பந்தன்’ என்ற பெயரிலேயே தொடங்கினால் கவனம் தவறியவரும் அங்கே ஏறிக்கொள்வார். இரு மொழியிலும் முழுமையாகச் சொல்ல வேண்டியவை மிகச் சிலவே: பேச்சின் மையக் கூற்று, தொகைகள், அவையினர் செய்ய வேண்டிய காரியம் ஏதேனும் இருந்தால் அது. நகைச்சுவை தமிழில் வருமானால் அதற்கான ஆங்கில வரி முன்னதாக வர வேண்டும். பின்னால் வந்தால் பாதி அவை சிரித்து முடித்த பிறகு மீதி அவைக்கு விளக்கம் சொல்வதாக ஆகிவிடும்.

லூமுட்டில் பொதுமொழி மலாய்தானே என்ற மறுப்பு எழலாம். மலாயிலும் வினை செயப்படுபொருளுக்கு முன்னரே வருகிறது. ஆங்கிலத்தின் இடத்தில் மலாயை வைத்தாலும் வாதம் மாறாது. மக்கள் கலந்துதானே பேசுகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. கலந்து பேசுகிறவர்கள் இரு மொழியும் அறிந்தவர்கள். இந்த அவையில் இருப்பவர்களில் பலர் அப்படியல்லர்.

பிரதி சரியாக அமைந்ததா என்பதை மேடைக்கு முன்பே அறியலாம். தமிழ் மட்டும் அறிந்த ஒருவரையும் தமிழ் அறியாத ஒருவரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிட்டு, யார் என்ன செய்தார், யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்று தனித்தனியே சொல்லச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே அளவு விவரம் சொல்ல வேண்டியதில்லை. எழுவாயும் வினையும் இருவரிடமும் ஒத்திருக்க வேண்டும்; ஒருவர் ‘கிடைத்தது’ என்றும் மற்றவர் ‘கிடைக்கவில்லை’ என்றும் சொல்லும் இடத்தில் அந்த வாக்கியத்தை முழுவதுமாக ஏதேனும் ஒரு மொழிக்கு மாற்றி எழுத வேண்டும்.